எண்பதுகளின் கலர் படங்கள் ஸ்கான்: ஜேபெக்கில சதுரம் சதுரமாத் தெரியுது. டிஃப்பா, ஜேபெக் 2000ஆ?

பரந்தன் வாசகன்

வணக்கம். எங்கட சனசமூக நிலையத்தில ஊராக்களின்ர பழைய படங்களை ஸ்கான் செய்து சேர்க்கிறம். 900 படமளவில வரும். பாதிக்கு மேல எண்பதுகளில எடுத்த கலர் படங்கள், மிச்சம் ஸ்ரூடியோக் கறுப்பு வெள்ளை. இடப்பெயர்வுக்குள்ள ட்ரங்குப் பெட்டியிலயும் பொலித்தீன் பையிலயும் தப்பி வந்த படங்கள், அதால ஒருத்தரும் கனநேரம் விட்டுவைக்க மாட்டினம். காலமை தந்தால் பின்னேரம் திருப்பிக் குடுக்கோணும். இரண்டாம் தரம் வாங்கேலாது.

முதல்ல 1200 dpi, 48-bit டிஃப்பாக எடுத்தம். போஸ்ட்காட் அளவுப் படம் ஒண்டு 200 எம்பி தாண்டுது. ஹாட் டிஸ்கில 150 ஜிபிதான் மிச்சம். அதால ஜேபெக்குக்கு மாறினம். இப்ப பிரச்சினை என்னெண்டால், சிவந்துபோன கலர் படங்களை ஜிம்ப்பில Levels போட்டுச் சரிப்படுத்தினால் முகத்திலயும் வெள்ளை வேட்டியிலயும் சின்னச் சின்னச் சதுரங்கள், பச்சை ஊதாத் திட்டுகள் வருது. திருத்த முதல் அது தெரியாது. ஸ்கானர் பிழையா, ஜேபெக் பிழையா? ஜேபெக் 2000இல எடுத்தால் இடமும் மிஞ்சும், தரமும் குறையாது எண்டு ஒருத்தர் சொன்னார். உண்மையோ?

கொமினிக்கேசன் கடை (புதுக்குடியிருப்பு)

தம்பி, ஜேபெக் தரத்தை 100இல வைச்சு எடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது. டிஃப்புக்கும் அதுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒண்டு மட்டும் கவனம்: ஜேபெக்கைத் திறந்து பார்க்கப் பார்க்கத் தரம் குறைஞ்சுகொண்டே போகும். அதால மூலத்தைத் திறக்காமல் வைச்சுக்கொண்டு கொப்பியைத்தான் ஆக்களுக்குக் காட்டோணும்.

மாங்குளத்தாள்

ஸ்கானரில் பிழை இல்லை. பரந்தன் வாசகன் சொல்வது நிறம் மங்கிய படத்தை ஜேபெக்கில் வைத்துத் திருத்தும்போது வருகிற வழக்கமான கோளாறு.

எண்பதுகளின் கலர் படத்தில் மூன்று சாயங்கள் இருக்கின்றன. பெட்டிக்குள் இருட்டில் கிடந்த படங்களில் பெரும்பாலும் சயான் சாயம்தான் முதலில் போகும். வெக்கையும் ஈரமும் அதை விரைவாக்கும். சயான்தான் சிவப்பு ஒளியைத் தடுப்பது. அது போனதும் படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமும் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. ஜிம்ப்பில் Levels திறந்து சிவப்பை மட்டும் பாருங்கள். 0 முதல் 255 வரை பரவியிருக்க வேண்டிய மேடு, 120க்கும் 240க்கும் இடையில் குவிந்திருக்கும். நீங்கள் திருத்துவதென்றால் அந்த 120 படிகளை 256க்கு இழுக்கிறீர்கள். இரண்டு மடங்குக்கும் மேல். படத்தில் என்ன குறை ஒளிந்திருந்தாலும் அதுவும் இரண்டு மடங்காகத் தெரியும்.

ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகச் சுருக்குகிறது. வெளிச்சத்தை ஓரளவு கவனமாக வைத்துக்கொண்டு நிறத்தைத்தான் கடுமையாக வெட்டும். அனேகமான அமைப்புகளில் நிறம் நீளத்திலும் அகலத்திலும் பாதிப் புள்ளிகளுக்குத்தான் சேமிக்கப்படும். திருத்தாத படத்தில் கண் இதைப் பிடிக்காது, ஜேபெக் செய்யப்பட்டதே அந்தக் கணக்கில்தான். சிவப்பை மட்டும் தனியாக இழுத்தவுடன் கட்டங்களின் ஓரம் வெளியே வந்துவிடும். வேட்டி, சுவர், வானம், கன்னம் போன்ற வழவழப்பான இடங்களில்தான் முதலில் தெரியும். நீங்கள் கண்ட சதுரங்களும் ஊதாத் திட்டுகளும் அவைதான்.

கடைக்கார அண்ணா சொன்னதில் ஒரு பாதி சரி. நல்ல நிலையில் உள்ள படத்துக்கு 100 தரம் கண்ணுக்குப் போதும். ஆனால் அதுவும் நிறம் ஒன்றுக்கு 8-bit தான். 120 படிகளை 256க்கு விரித்தால் இடையிடையே வெற்றிடம் விழும். Levels மேடு சீப்புப் பல்லுப் போல ஆகும், வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். 48-bit டிஃப்பில் நிறம் ஒன்றுக்கு 16 bit, அதனால் அதே இடைவெளிக்குள் ஏறத்தாழ முப்பதாயிரம் படிகள் இருக்கின்றன. அவ்வளவையும் ஸ்கானர் உண்மையில் பிரித்தறியாது, ஆனாலும் இழுத்தால் பட்டை விழாது. மற்றது, திறந்து பார்ப்பதால் ஜேபெக் தேயாது. திருத்தித் திரும்ப Save பண்ணும்போதுதான் இன்னொரு தரம் சுருங்கும்.

இடப் பிரச்சினைக்குக் காரணம் டிஃப் இல்லை, 1200 dpi. 4க்கு 6 அங்குலப் படம் 1200இல் 4800 × 7200 புள்ளி. புள்ளிக்கு 6 பைட், 207 எம்பி. 600இல் 2400 × 3600, 52 எம்பி. 900 படமும் 47 ஜிபிக்குள் முடியும். அந்தக் காலத்து ஸ்ரூடியோத் தாளில் 600க்கு மேல் அள்ளுவதற்கு விபரம் கிடையாது. தாளின் சொரசொரப்பும் தூசியும்தான் பெரிதாக வரும். அடையாள அட்டைப் படம் மாதிரிச் சின்னப் படம் வந்தால் அதை மட்டும் 1200இல் எடுங்கள்.

அக்கராயன்

அக்கா, என்னட்டத் தங்கச்சியின்ர கலியாணப் படம் 400 இருக்கு, எல்லாம் போனில எடுத்த ஜேபெக். இதைப் படிச்சாப் பிறகு பயமாக்கிடக்கு. எல்லாத்தையும் டிஃப்பாக மாத்தினால் பாதுகாப்போ? அதில பாதி வாட்ஸப்பில வந்தது.

மாங்குளத்தாள்

வேண்டாம் தம்பி. ஜேபெக்கில் வெட்டுப்பட்டது டிஃப்பாக்கினால் திரும்பி வராது, கோப்பு மட்டும் பெருக்கும். போனில் இருந்து நேரே எடுத்த கோப்புத்தான் உங்களுக்கு மூலம், அதை அப்படியே வையுங்கள். வாட்ஸப்பில் படமாக வந்ததை விட்டிட்டு, எடுத்தவரிடம் டொகியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

பரந்தன் வாசகனுக்கும் இதிலே ஒரு விசயம் இருக்கிறது. பெயரில் `.tif` இருந்தால் மட்டும் போதாது. டிஃப் ஒரு பெட்டி, அதற்குள் ஜேபெக் சுருக்கத்தையும் போடலாம். சில ஸ்கானர் மென்பொருள் Compression என்ற இடத்தில் பேசாமல் JPEG என்று வைத்திருக்கும். இமேஜ்மஜிக் நிறுவி இப்படிப் பாருங்கள்:

```
magick identify -format "%f %C %z %wx%h\n" *.tif
```

ஒவ்வொரு கோப்புக்கும் None, LZW, Zip என்று வந்தால் நல்லது. JPEG என்று வந்தால் படம் உரியவரிடம் திரும்பிப் போக முதல் மறுபடி எடுங்கள். அடுத்த எண் 16 ஆக இருக்க வேண்டும், 8 என்றால் 48-bit தெரிவு வேலை செய்யவில்லை. காலமை எடுத்த படங்களுக்கு இதை மத்தியானமே ஓட்டிப் பார்ப்பது உங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம்.

கடல் கடந்தவன்

ஜேபெக் 2000ஐ யாரும் கவனிக்கவில்லையே. அது கட்டம் கட்டமாகச் சுருக்குவதில்லை, வேவ்லெட் முறை, அதனால் சதுரம் விழாது. 16-bit தாங்கும். இழப்பில்லாமல் சுருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் புத்தகப் பக்கங்களை `.jp2` ஆகத்தான் வைத்திருக்கிறது. 52 எம்பி பாதியாகிவிடும். வன்னியில் ஒரு டிஸ்க் வாங்குவது எல்லாருக்கும் லேசான காரியம் இல்லை.

மாங்குளத்தாள்

தொழில்நுட்பத்தில் நீங்கள் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஜேபெக் 2000க்கு இரண்டு வழி உண்டு. 5/3 என்ற வழி ஒரு புள்ளியையும் இழக்காது. 9/7 வழி இழக்கும். இரண்டும் அதே `.jp2` பெயரில்தான் வரும், வெளியே பார்த்து அறிய முடியாது. ஆர்க்கைவின் புத்தகப் பக்கங்கள் இழப்போடு சுருக்கியவை. எழுத்து வாசிக்க அது தாராளம், சிவப்பை இரண்டு மடங்கு இழுக்கப்போகிற படத்துக்கு இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பத்திரிகைத் திட்டம் டிஃப்பை மூலமாக வாங்கிக்கொண்டு, `.jp2`ஐப் பார்வைக்கான பிரதியாகத்தான் கேட்கிறது.

பாதியாகும் என்ற கணக்கு 24-bit படத்துக்கு ஓரளவு பொருந்தும். 48-bitஇல் கீழ் பிட்டுகளில் இருப்பது பெரும்பாலும் ஸ்கானரின் இரைச்சல், இரைச்சலை இழப்பில்லாமல் சுருக்க முடியாது. டிஃப்பில் LZW போட்டாலும் இதே கதைதான். 16-bit படத்துக்கு LZW போட்டால் சிலவேளை கோப்பு முன்னையதை விடப் பெருக்கும்.

செய்துதான் பார்ப்பதென்றால், ஓபன்ஜேபெக் கருவி வேறு தெரிவு ஒன்றும் கொடுக்காவிட்டால் இழப்பில்லாமல் சுருக்கும். `-r` அல்லது `-I` சேர்த்தால் இழப்பு வந்துவிடலாம். திருப்பி விரித்து ஒப்பிட்டே நம்புங்கள்:

```
opj_compress -i 0147.tif -o 0147.jp2
opj_decompress -i 0147.jp2 -o 0147_b.tif
magick compare -metric AE 0147.tif 0147_b.tif null:
```

கடைசி வரி 0 காட்டினால் புள்ளிகள் அத்தனையும் ஒன்றுதான். புள்ளி சரியாக இருந்தும் ICC profile என்ற நிறச் சுயவிபரமும் dpi எண்ணும் கோப்பை மாற்றும்போது தவறிப்போகலாம். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். நிறச் சுயவிபரம் போனால் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு நிறமாகத் தெரியும்.

சனசமூக நிலையத்துக்கு நான் டிஃப் சொல்வதற்குக் காரணம் வேறு. உங்களுக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருக்கப்போகிறவர் அதைச் சாதாரண விண்டோஸில் இரண்டு தரம் அழுத்தித் திறந்துவிடுவார். `.jp2`ஐத் திறக்க மென்பொருள் தேட வேண்டும். பெரும்பாலான போன்களிலும் குரோமிலும் அது தெரியாது.

பரந்தன் வாசகன்

நன்றி அக்கா, ஓட்டிப் பார்த்தன். எங்கட டிஃப் எல்லாம் None, 16 எண்டு வருது. இனி 600இல எடுக்கிறம். ஸ்கானரில Color Restoration எண்டு ஒரு பொத்தான் இருக்கு, அழுத்தினால் சிவப்பு நல்லாத்தான் போகுது. போடலாமோ? கறுப்பு வெள்ளைக்கும் 48-bit வேணுமோ?

மாங்குளத்தாள்

மூலத்துக்குப் போட வேண்டாம். Auto Exposure, Unsharp Mask, தூசி நீக்கல் எல்லாம் நிறுத்துங்கள். அவை ஊகித்துத் திருத்தும்போது வெளிச்ச ஓரத்தையும் இருட்டு ஓரத்தையும் வெட்டிவிடும், வெட்டியதைப் பிறகு எடுக்கேலாது. Histogram மேடு இரண்டு பக்கச் சுவரிலும் முட்டாமல் இருந்தால் சரி. சிவப்பாகவே இருக்கட்டும். திருத்துவது பிரதியில், வீட்டுக்காரருக்குக் குடுக்கும் ஜேபெக் அதில் இருந்து:

```
magick 0147_thiruttham.tif -depth 8 -resize 2000x2000 -quality 85 0147.jpg
```

கறுப்பு வெள்ளைக்கு 24-bit கலர் டிஃப் போதும், 26 எம்பி வரும். சாம்பல் நிறத்தில் எடுக்காதீர்கள். பழுப்புக் கறை கலரில் எடுத்தால்தான் பிரியும். சிவப்பு வழியை மட்டும் எடுத்துப் பார்த்தால் மஞ்சள் கறை பெரும்பாலும் மறைந்துவிடும்.

கடல் கடந்தவன்

கறை இல்லாத கறுப்பு வெள்ளைக்குமா? 16-bit சாம்பல் 17 எம்பிதான், படிகளும் கூட. கறை உள்ளதுக்கு மட்டும் கலர் என்று வைக்கலாமே.

மாங்குளத்தாள்

ஸ்கானரில் இருப்பவர் ஒவ்வொரு படத்துக்கும் அமைப்பை மாற்றினால் பின்னேரத்துக்குள் இருபதும் முடியாது. ஒருவர் கறையா இல்லையா என்று பிரித்து அடுக்கிக் கொடுக்க முடியும் என்றால் நீங்கள் சொல்வதும் நல்லதுதான்.

கொமினிக்கேசன் கடை (புதுக்குடியிருப்பு)

படத்தின்ர பின்பக்கத்தில ஸ்ரூடியோச் சீலும் பேரும் திகதியும் எழுதிக் கிடக்குமே, அதுக்கும் 52 எம்பியோ?

மாங்குளத்தாள்

இல்லை அண்ணா, அதற்கு 300 dpi, 24-bit டிஃப். ஆறரை எம்பி. பெயர் `0147_p.tif` என்று முன்பக்கத்தின் எண்ணோடேயே. பென்சிலால் மங்கலாக எழுதியிருந்தால் மட்டும் 600.