தக்காளியை மண்டிக்கே போடவா, உழவர் சந்தையில நாமளே விக்கவா?

குரூப்ல விவசாயக் குடும்பத்துல இருந்து வந்தவங்க சொல்லுங்க. நான் ஜூரோங்ல வேலை பாக்குறேன், ஊர்ல ஒட்டன்சத்திரம் பக்கம் தம்பி ஒரு ஏக்கர் தக்காளி போட்டிருக்கான். இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் 30 பெட்டி வருது, பெட்டிக்கு 14 கிலோ. திங்கக்கிழமை பெட்டி 340 போச்சு, புதன்கிழமை 200. டெய்லி நைட் போன்ல இதே பேச்சுதான்.

மண்டில 10 பர்சன்ட் கமிஷன், இறக்குகூலி வேற. ஆனா மொத்தமா எடுத்துக்குவாங்க, காலைல எட்டு மணிக்குள்ள தம்பி வீட்டுக்கு வந்துருவான்.

போன வாரம் அடையாள அட்டை வாங்கி உழவர் சந்தைல ரெண்டு நாள் உக்காந்து பாத்தான். கமிஷன் கிடையாது, கிலோ 18னு போர்டுல போட்டாங்க. 8 பெட்டி வித்து 2016 ரூபா, அதே 8 பெட்டி மண்டில 200னா கமிஷன் போக 1440தான். ஆனா அந்த 576 ரூபாய்க்கு அரைநாள் போச்சு, தோட்டத்துல பறிப்பு ஆளுங்களப் பாக்க ஆள் இல்ல, மீதி 22 பெட்டி லேட்டா மண்டிக்குப் போய் அடிமாட்டு விலைக்குப் போச்சு.

இன்னொரு சிக்கல், விதைப்பு டைம்ல மண்டிக்காரர்கிட்ட 40,000 முன்பணம் வாங்கியிருக்கோம். அதனால வேற கடைக்கு மாத்த முடியல, அவர் போடுற விலைதான் விலை (எனக்கு இதுதான் பெரிய நஷ்டம்னு தோணுது).

நான் இங்கருந்து 40,000 அனுப்பி கடனை அடைச்சுட்டு, டெய்லி எந்த மண்டில விலை நல்லா இருக்கோ அங்க போடுறது, சந்தைல உக்கார்றதை விட லாபமா இருக்குமா?