50:50 என்று நினைத்தேன், உண்மையில் 96:4: ரிவிஷனையும் மொமெண்டத்தையும் ஒரே ஸ்கோரில் சேர்த்த அனுபவம்

கரூர்_நூல்கடை

இரண்டு வருடமாக நிஃப்டி 200 பங்குகளை மாதம் ஒருமுறை வரிசைப்படுத்தி, மேலே வரும் 30ஐ வாங்கி வைக்கிறேன். வரிசைக்கு இரண்டே விஷயம்தான். ஒன்று, கடைசி மாதத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய 11 மாத விலை ஏற்றம். இரண்டாவது, அனலிஸ்ட்கள் ஒரு கம்பெனியின் இ.பி.எஸ். கணிப்பை மூன்று மாதத்தில் எத்தனை சதவீதம் ஏற்றினார்கள் அல்லது இறக்கினார்கள் என்பது. இரண்டையும் 0.5 ஆல் பெருக்கிக் கூட்டினேன். அதுதான் என் ஸ்கோர்.

போன தீபாவளி விடுமுறையில் உட்கார்ந்து எடையை மாற்றிப் பார்த்தேன். விலைக்கு 40, ரிவிஷனுக்கு 60 என்று வைத்தேன். 30 பங்கில் இரண்டு மட்டும் மாறியது. 60:40 என்று திருப்பி வைத்தால் ஒன்று மாறியது. எடையை இவ்வளவு அசைத்தும் பட்டியல் அசையவில்லை என்றால் எங்கோ தப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

தப்பு இதுதான். என் ஷீட்டில் விலை ஏற்றத்தின் பரவல் பெரியது, திட்ட விலக்கம் 35. ரிவிஷனின் திட்ட விலக்கம் வெறும் 7. இரண்டையும் அப்படியே கூட்டினால் பெரிய எண்தான் பேசும். 35இன் வர்க்கம் 1225, 7இன் வர்க்கம் 49. அதாவது என் ஸ்கோரின் ஏற்ற இறக்கத்தில் 96 சதவீதம் விலையிலிருந்து வந்தது. 40:60 என்று மாற்றிய பிறகும் 92 சதவீதம் விலைதான். இரண்டு வருடம் நான் நடத்தியது சுத்தமான மொமெண்டம். ரிவிஷன் பேருக்கு இருந்தது.

ஒரு ஜோடியைப் பாருங்கள். ஒரு ரசாயன கம்பெனி: விலை 70% ஏறியிருந்தது, கணிப்பு 7% இறங்கியிருந்தது. ஒரு வாகன உதிரிபாக கம்பெனி: விலை 40% ஏற்றம், கணிப்பு 9% ஏற்றம். என் பழைய ஸ்கோரில் முதலாவதுக்கு 31.5, இரண்டாவதுக்கு 24.5. ரசாயனத்தை வாங்கினேன், அடுத்த ரிசல்ட்டில் அடி விழுந்தது. இப்போது ஒவ்வொரு பத்தியையும் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டுத்தான் கூட்டுகிறேன்:

```
=(B2-AVERAGE(B$2:B$201))/STDEV.S(B$2:B$201)
```

அன்றைய சராசரி விலை ஏற்றம் 15, ரிவிஷன் சராசரி பூஜ்யம். இந்தக் கணக்கில் ரசாயனத்துக்கு 1.57உம் −1உம், கூட்டிப் பாதியாக்கினால் 0.29. உதிரிபாகத்துக்கு 0.71உம் 1.29உம், பாதியாக்கினால் 1. வரிசை தலைகீழாகிவிட்டது.

சரி, இப்போதுதான் உண்மையான 50:50க்கு வந்திருக்கிறேன். இனி எடையை எப்படி முடிவு செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம்_முதலீட்டாளர்

ரிவிஷனுக்குத்தான் அதிகம் கொடுக்க வேண்டும் அண்ணா, 70 ஆவது. லாபம்தான் முன்னால் போகும், விலை பின்னாலேயே வரும். அனலிஸ்ட் கணிப்பை ஏற்றிய பிறகுதானே ஃபண்டுகள் வாங்குகின்றன? என்னிடம் ரிவிஷன் டேட்டா இல்லை. அதனால் போன வருட காலாண்டோடு ஒப்பிட்ட லாப வளர்ச்சியையே ரிவிஷனாக வைத்துக்கொள்கிறேன். நன்றாகத்தான் போகிறது.

ஓய்வுபெற்ற_ரிசர்ச்காரன்

தம்பி சேலம், பாதி சரி. கணிப்பு ஏறிய பிறகும் விலை கொஞ்ச காலம் மெல்ல ஏறுவது உண்மைதான். ஆனால் எதிர்த்திசையும் உண்டு. ஒரு பங்கு 40% ஓடிய பிறகு இலக்கு விலையை நியாயப்படுத்தவே கணிப்பை ஏற்றிய ரிப்போர்ட்டுகளை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன், சிலவற்றில் என் கையெழுத்தும் உண்டு. அதனால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நகரும். அமெரிக்கப் பங்குகளை வைத்து 1996இல் சான், ஜெகதீஷ், லகோனிஷோக் மூவரும் எழுதியதும் இதைத்தான் காட்டியது: ஒன்று மற்றதை விழுங்கிவிடவில்லை, இரண்டிலும் தனித்தனி தகவல் இருக்கிறது. விலை மொமெண்டத்தின் பலன் கூடுதல் காலம் நின்றது.

இந்தக் கால அளவில்தான் எடையின் சாவி இருக்கிறது. ரிவிஷன் சீக்கிரம் ஆறிப்போகும் சரக்கு. அதற்கு 70 கொடுத்தால் மாதாமாதம் பட்டியல் புரண்டுகொண்டே இருக்கும். டெலிவரியில் வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1% எஸ்.டி.டி. 2024 ஜூலை 23 முதல் ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20% வரி. இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் 70ஐயும் 50ஐயும் ஒப்பிட வேண்டும். நான் 50இல் நின்றேன், கூடவே ஒரு தடுப்பு வைத்தேன்: முதல் 30க்குள் வந்தால் வாங்குவேன், 60க்குக் கீழே போனால்தான் விற்பேன். எடையை மாற்றியதைவிட இந்தத் தடுப்புதான் எனக்கு அதிகம் மிச்சப்படுத்தியது.

லாப வளர்ச்சி ரிவிஷன் ஆகாது. 30% வளர்ச்சியை எல்லோரும் எதிர்பார்த்து, 30%மே வந்தால் அதில் புதிய சேதி எதுவும் இல்லை. டேட்டா இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள்: இந்தக் காலாண்டு இ.பி.எஸ்.ஸிலிருந்து போன வருட அதே காலாண்டைக் கழித்து, அதே வித்தியாசம் கடந்த எட்டு காலாண்டுகளில் எவ்வளவு ஆடியதோ அந்தத் திட்ட விலக்கத்தால் வகுங்கள். ரிவிஷனுக்குச் சமம் இல்லை, ஆனால் பக்கத்து வீடு.

எக்செல்_மாலதி

கரூர் அண்ணா, எடைக்குப் போவதற்கு முன் உங்கள் ரிவிஷன் பத்தியைச் சந்தேகப்படுங்கள். நான் மூன்று இடத்தில் விழுந்தேன்.

முதலில் போனஸ். ஒரு கம்பெனி 1:1 போனஸ் கொடுத்தது. விலையை டேட்டா தளம் பின்னோக்கிச் சரிசெய்துவிட்டது, ஆனால் நான் சேமித்து வைத்திருந்த பழைய கணிப்பு 40 அப்படியே இருந்தது, புதியது 20. என் ஷீட் அதை 50% இறக்கம் என்று படித்து, நல்ல பங்கை விற்கச் சொன்னது. விற்றும்விட்டேன். இப்போது கணிப்பு 30%க்கு மேல் மாறிய ஒவ்வொரு வரியையும் கையால் திறந்து பார்க்கிறேன்.

அடுத்தது சதவீதம். இ.பி.எஸ். 50 பைசாவிலிருந்து 1 ரூபாய் ஆனால் 100% ஏற்றம், 40 ரூபாயிலிருந்து 44 ஆனால் 10%தான். அந்த 50 பைசா கம்பெனிதான் எப்போதும் முதலிடம் பிடித்தது. மாற்றத்தைப் பங்கு விலையால் வகுத்துப் பாருங்கள். முதல் பங்கின் விலை 150, அதனால் 0.33%. இரண்டாவது 900, அதனால் 0.44%. இப்போது சரியான வரிசை. அப்புறம் ஸ்கோரை இரண்டு பக்கமும் 3இல் வெட்டிவிடுவேன்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு வருடம் ஆனது. அடுத்த 12 மாதக் கணிப்பு என்று ஒன்றைத் தருகிறார்களே, அதை வைத்து ரிவிஷன் போட்டேன். FY25க்கு 50, FY26க்கு 62 என்று ஒரு கம்பெனி. மே கடைசியில் 10 மாதம் FY25, 2 மாதம் FY26: கலந்தால் 52. ஆகஸ்ட் கடைசியில் 7க்கு 5: கலந்தால் 55. எந்த அனலிஸ்டும் ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை, ஆனால் என் ஷீட்டில் கிட்டத்தட்ட 6% ஏற்றம்! வேகமாக வளரும் கம்பெனிகள் எல்லாம் தானாகவே மேலே வந்தன. அவை ஏற்கனவே ஓடிய பங்குகளும்கூட, ஆக நான் மொமெண்டத்தையே இரண்டு தடவை எண்ணிக்கொண்டிருந்தேன். FY25ஐ FY25ஓடும், FY26ஐ FY26ஓடும் தனித்தனியாக ஒப்பிட்டு, அந்த மாற்றங்களைத்தான் கலக்க வேண்டும்.

கரூர்_நூல்கடை

மாலதி மேடம், நானும் அந்த 12 மாத எண்ணைத்தான் எடுக்கிறேன். இன்றைக்கே பழைய கோப்புகளைத் திறக்கிறேன்.

புதிய_எஸ்ஐபி

நான் நிஃப்டி 200 மொமெண்டம் 30 இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 5,000 போடுகிறேன். அதில் ரிவிஷனுக்கு எத்தனை எடை வைத்திருக்கிறார்கள்? கூட்டிக்கொள்ள முடியுமா?

எக்செல்_மாலதி

அதில் ரிவிஷனே கிடையாது. 6 மாத, 12 மாத விலை ஏற்றத்தை விலை ஆடும் அளவோடு சரிசெய்து எடுக்கிறார்கள், ஜூனிலும் டிசம்பரிலும் மாற்றுகிறார்கள். நீங்கள் அதில் எதையும் மாற்ற முடியாது. இங்கே பேசுவது சொந்தமாகப் பங்கு எடுப்பவர்களின் கணக்கு.

சேலம்_முதலீட்டாளர்

ரிசர்ச் சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2020ஐ எடுங்கள். மார்ச் 23இல் நிஃப்டி 7,610. அதற்குப் பிறகு சந்தை ஏற ஆரம்பித்துவிட்டது, அனலிஸ்ட்களோ ஏப்ரல், மே முழுக்கக் கணிப்பை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். எல்லாமே மைனஸ். அப்போது ரிவிஷன் எதற்குப் பயன்?

ஓய்வுபெற்ற_ரிசர்ச்காரன்

எல்லாம் மைனஸ் என்பது பிரச்சினை இல்லை. வரிசையில் −5 என்பது −30க்கு மேலே நிற்கும். பிரச்சினை வேறு. எல்லா அனலிஸ்டும் ஒரே நாளில் வெட்டுவதில்லை. ஒரு கம்பெனியின் கணிப்பை ஆறு பேர் வெட்டியாயிற்று, இன்னொன்றை ஒருவருமே தொடவில்லை என்றால், தொடாதது நல்ல பங்கு மாதிரி தெரியும். அதனால் மாற்றம் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்காமல், கடைசி 60 நாளில் எத்தனை பேர் எண்ணைப் புதுப்பித்தார்கள் என்றும் பாருங்கள்.

இதிலிருந்தே எடைக்கும் ஒரு வழி பிறக்கிறது. ரிவிஷன் ஸ்கோரை n/(n+3) ஆல் பெருக்குவேன், n என்பது புதுப்பித்த அனலிஸ்ட்களின் எண்ணிக்கை. ஒருவர் என்றால் கால்பங்கு, ஒன்பது பேர் என்றால் முக்கால்பங்கு. யாருமே இல்லையென்றால் பூஜ்யம், அப்போது விலை மட்டும் பேசும். அந்த 3 என் கைப்பழக்கம், வேதவாக்கு இல்லை. அனலிஸ்ட் இல்லாத பங்குக்குக் கடைசி ரேங்க் கொடுத்துவிடாதீர்கள். பலர் செய்யும் தப்பு அது.

தரமணி_பொறியாளர்

எனக்குக் கூட்டல் முறையிலேயே ஒப்புதல் இல்லை. விலையில் பர்சென்டைல் 99, ரிவிஷனில் 20 வாங்கிய பங்குக்கு 59.5. இரண்டிலும் 60 வாங்கிய சுமாரான பங்குக்கு 60. எதிலும் முன்னால் நிற்காத பங்கு எப்படி மேலே வருகிறது? நான் விலையை மட்டும் வைத்து முதல் 60 எடுப்பேன், அதில் ரிவிஷன் மைனஸாக உள்ளதைத் தூக்கிவிடுவேன். எடை என்ற கேள்வியே வராது.

ஓய்வுபெற்ற_ரிசர்ச்காரன்

எடை வராது, ஆனால் கோடு வரும். ரிவிஷன் −0.1 என்றால் வெளியே, +0.1 என்றால் உள்ளே. அடுத்த மாதம் ஒரே அனலிஸ்ட் எண்ணை மாற்றினால் பங்கு உள்ளே போய் வெளியே வந்துகொண்டே இருக்கும். கோட்டைப் பூஜ்யத்தில் வைக்காமல், கடைசி கால்பங்கை மட்டும் தூக்கிப் பாருங்கள்.

தரமணி_பொறியாளர்

பார்க்கிறேன் சார். ஆனால் பூஜ்யம் என்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, கால்பங்குக்கு என்ன அர்த்தம்?

கரூர்_நூல்கடை

கோப்புகளைப் பார்த்துவிட்டேன். ஆகஸ்ட் பட்டியலை மாலதி மேடம் சொன்னபடி திரும்பப் போட்டேன்: அதே வருடத்தை அதே வருடத்தோடு ஒப்பிட்டு, விலையால் வகுத்து, 3இல் வெட்டி, n/(n+3) ஆல் பெருக்கி. எடை 50:50. முப்பதில் பதினொன்று மாறின. பிறகு 40:60 வைத்துப் பார்த்தேன், நான்கு மாறின. முதல்தடவையாக எடையை அசைத்தால் பட்டியல் அசைகிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். நான் மாதக் கடைசியில் வரிசை போடுகிறேன். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் ரிசல்ட் வரலாம் என்பதால், அக்டோபர் கடைசியில் பாதிக் கம்பெனிகளின் கணிப்பு ரிசல்ட்டுக்குப் பிந்தையது, மீதிப் பாதி முந்தையது. அந்த ஒரு மாதம் மட்டும் வரிசையை நவம்பர் 15க்குத் தள்ளி வைக்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?