இருபதாயிரம் எங்கே போச்சு? ரவுண்டு பண்ணிய கணக்கில் மாட்டிய அனுபவங்கள்

வளவுக்கணக்கு

நடந்து நாலு மாதம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. எங்கள் பொது வீட்டு மராமத்துக் கணக்கை நான்தான் எழுதினேன். பெரியவர்கள் படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று லட்சத்தில், ஒரு தசமத்தோடு அச்செடுத்துக் கொடுத்தேன். மரவேலை 4.3, ஆத்தங்குடிக் கல் 3.4, சுண்ணாம்புப் பூச்சு 2.2, ஓடு 1.6, கூலி 5.3. மொத்தம் 17.0.

பட்டாலையில் பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூத்த ஐயா ஒருவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகக் கூட்டினார். கீழே 16.8 என்று எழுதி, வட்டம் போட்டு, தாளை என் பக்கம் திருப்பினார். "இருபதாயிரம் எங்கப்பா?"

"அது ரவுண்டிங் ஐயா."

"ரவுண்டிங்குங்கிறது யாரு, நம்ம பங்காளியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரூபாய்க் கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. ஆனால் அந்த வட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

காரைக்குடி கம்ப்யூட்டர்

இதற்குப் போய் நாலு மாதமா அண்ணே? எக்செலில் File, Options, Advanced போய் "Set precision as displayed" என்பதை டிக் பண்ணுங்கள். திரையில் தெரிவது எதுவோ அதையே கூட்டும். எங்கள் கடை ரிப்போர்ட்டுக்கு அப்படித்தான் செய்கிறேன். யாரும் பென்சில் எடுத்ததில்லை.

பேரேடு

அனுபவத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் மேலே இருப்பவருக்கு: தம்பி, அதை டிக் பண்ணினால் மொத்தம் 17.0 வராது, 16.8 ஆகிவிடும். பாங்குப் பாஸ்புக்கில் போன பணம் 17 லட்சம். உங்கள் தாளில் 16.8. அந்த ஐயா அடுத்து பாஸ்புக்கைத்தான் கேட்பார். இன்னொன்று, கையால் அடித்த எண்களை எக்செல் அங்கேயே வெட்டிவிடும். டிக்கை எடுத்தாலும் பழைய ரூபாய் திரும்பி வராது. நகல் வைத்துக்கொள்ளாமல் செய்யவே கூடாது.

தேவகோட்டை ஆச்சி

டாலியில் Round Off என்று ஒரு லெட்ஜர் வைத்து அதில் தள்ளிவிட வேண்டியதுதானே? ஜிஎஸ்டி பில்லில் 40 பைசா, 60 பைசா வந்தால் நாங்கள் அப்படித்தான் முழு ரூபாய் ஆக்குகிறோம்.

பேரேடு

ஆச்சி, உங்கள் பில்லில் கொடுக்கிற பணமே மாறுகிறது, அதனால் அதற்கு ஒரு பதிவு வேண்டும். இவர் விஷயத்தில் பணம் மாறவில்லை, தாளில் காட்டுவது மட்டும் மாறுகிறது. இங்கே லெட்ஜர் போட்டால் நடக்காத செலவு ஒன்று முளைத்துவிடும்.

சரி, என் கதை. ஒரு அறக்கட்டளையின் ஐந்தொகையில் இதே போல் இடித்தபோது, "பெரிய தொகையில் ஏற்றிவிடு, தெரியாது" என்றார் என் சீனியர். ஏற்றினேன். அந்தத் தலைப்புக்குத் தனி ரசீதுக்கட்டு இருந்தது. ஒருவர் அதைக் கூட்டிப் பார்த்து, எல்லார் முன்னாலும் கேட்டார். அன்று மாட்டிய பிறகுதான் ஒழுங்கான வழியைக் கற்றுக்கொண்டேன். வளவுக்கணக்கு, ரூபாய்த் தொகைகளைப் போடுங்கள், உங்கள் கணக்கிலேயே காட்டுகிறேன்.

வளவுக்கணக்கு

மரம் 4,34,600. கல் 3,44,100. பூச்சு 2,24,800. ஓடு 1,63,900. கூலி 5,34,900. ஆக 17,02,300.

பேரேடு

பாருங்கள், ஐந்திலும் பத்தாயிரங்கள் போக மிஞ்சிய சில்லறை ஐயாயிரத்துக்குக் கீழே நின்று, ஐந்துமே கீழ்ப்பக்கம் விழுந்திருக்கின்றன. விழுந்த சில்லறையெல்லாம் சேர்ந்து 22,300. மொத்தத்தில் அது தெரிகிறது, உருப்படிகளில் தெரியவில்லை. உங்கள் இருபதாயிரம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் மொத்தத்தை ரூபாயிலிருந்து நேராக ரவுண்டு பண்ணுங்கள், 17.0. அதைத் தொடக்கூடாது. பிறகு ஒவ்வொரு உருப்படியையும் ரவுண்டு பண்ணாமல் கீழ்ப்பக்கமாகவே வெட்டுங்கள். இங்கே அது 16.8 வருகிறது. இன்னும் இரண்டு பத்தாயிரம் பங்கு வைக்க வேண்டும். வெட்டியதில் யாருக்கு அதிகச் சில்லறை மிஞ்சியதோ அவருக்கு முதலில். கூலியில் 4,900, பூச்சில் 4,800, மரத்தில் 4,600, கல்லில் 4,100, ஓட்டில் 3,900. ஆகவே கூலி 5.4, பூச்சு 2.3. மற்றவை அப்படியே. இப்போது அந்தப் பென்சிலுக்கும் 17.0 தான் வரும்.

என் சீனியர் வழியில் இரண்டையும் கூலியிலேயே ஏற்றினால் 5.5 ஆகும். உண்மை 5.349. பதினையாயிரம் ரூபாய் தள்ளி நிற்கும். சில்லறை வழியில் எந்த உருப்படியும் ஒரு பத்தாயிரத்துக்கு மேல் விலகவே முடியாது. நான் மாட்டியது இந்த வித்தியாசத்தில்தான்.

B2 முதல் B6 வரை ரூபாய் இருந்தால்:

```
C2: =INT(B2/10000)
D2: =MOD(B2,10000)
E2: =(C2+(RANK(D2,D$2:D$6)<=ROUND(SUM(B$2:B$6)/10000,0)-SUM(C$2:C$6)))/10
```

கீழே இழுத்துவிடுங்கள்.

பள்ளத்தூர் வாத்தியார்

பேரேடு அவர்களே, இரண்டு உருப்படிக்கு ஒரே சில்லறை வந்தால் உங்கள் சூத்திரம் கவிழும். RANK இரண்டுக்கும் ஒரே இடத்தைக் கொடுக்கும். இரண்டாம் இடத்தில் இருவர் நின்றால் மூன்று பேருக்குப் போய்விடும், மொத்தம் 17.1 ஆகிவிடும். RANK பக்கத்தில் இதைச் சேர்க்க வேண்டும்:

```
+COUNTIF(D$2:D2,D2)-1
```

அப்போது பட்டியலில் மேலே இருப்பவருக்கு முன்னுரிமை.

ஆனால் எனக்கு வேறு ஒரு சங்கடம். 2.248ஐ 2.3 என்று எழுதச் சொல்கிறீர்கள். ஆறாம் வகுப்புப் பையன் எழுதினால் தப்பு போடுவேன். 2.2 என்றே போட்டு, "முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை சற்று மாறலாம்" என்று அடியில் ஒரு வரி எழுதுவதுதான் நாணயம்.

இந்தச் சில்லறை முறைக்கு ஒரு கோணல் குணமும் உண்டு. அமெரிக்காவில் மாநிலங்களுக்கு நாடாளுமன்ற இடம் பிரிக்க இதே முறையை வைத்திருந்தார்கள். 1880 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டுப் பார்த்தபோது, மொத்தம் 299 இடம் என்றால் அலபாமாவுக்கு 8, 300 என்றால் 7 என்று வந்தது. மொத்தம் கூடுகிறது, இவர் பங்கு குறைகிறது! உங்கள் ரிப்போர்ட்டிலும் புதிதாக ஒரு உருப்படி சேர்த்தால், தொடாத உருப்படியின் எண் மாறக்கூடும். போன மாதத் தாளை வைத்திருப்பவர் விடமாட்டார்.

பேரேடு

COUNTIF ஒப்புக்கொள்கிறேன், நன்றி. மற்றதில் ஒப்பவில்லை. அடிக்குறிப்பைப் படிப்பவர் பென்சில் எடுப்பதில்லை, பென்சில் எடுப்பவர் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை.

பள்ளத்தூர் வாத்தியார்

அது அடிக்குறிப்பின் குற்றமா?

தேவகோட்டை ஆச்சி

சண்டை போடுமுன் என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். எங்கள் படைப்புச் செலவு தாளில் குறுக்கே மூன்று நாள், நெடுக்கே நாலு தலைப்பு. பேரேடு சொன்னபடி ஒவ்வொரு வரியாகச் செய்தேன். வரியெல்லாம் சேர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் பத்தியின் அடியில் ஒன்று கூடுதல், மூன்றாம் நாளில் ஒன்று குறைவு.

பேரேடு

வரியைச் சரி செய்தால் பத்தி உடையும் ஆச்சி, அப்படித்தான். மொத்தங்களையும் மேலோ கீழோ ரவுண்டு பண்ண விட்டால் இரண்டு பக்கமும் ஒத்துவருகிற ஒரு விடை எப்போதும் உண்டு, ஆனால் வரிவரியாகப் போனால் அது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சின்னத் தாள் என்றால் கையால் செய்யலாம். கூடுதலாக உள்ள பத்தியில் மேலே ஏற்றிய கட்டம் ஒன்றைக் கீழே இறக்கி, அதே வரியில் குறைவாக உள்ள பத்தியில் கீழே வெட்டிய கட்டத்தை ஏற்றுங்கள். வரி கெடாது, பத்தி சேரும். அப்படி ஒரே வரியில் இரண்டும் அமையவில்லை என்றால், நடுவில் இன்னொரு பத்தி வழியாக இரண்டு தாவல் போக வேண்டிவரும்.

காரைக்குடி கம்ப்யூட்டர்

நான் டிக் பண்ணிய ஃபைலுக்கு நகல் இல்லையே பேரேடு அண்ணே. பைசா வரைக்கும் போச்சா?

வளவுக்கணக்கு

புது எண்களோடு திரும்ப அச்செடுத்து அந்த ஐயாவிடம் கொண்டு போனேன். கூட்டினார். 17.0. தாளை மடிக்கவில்லை. பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, "கூலி 5.3 இருந்துச்சே, யாருக்குக் கூடக் கொடுத்தே?" என்கிறார்.