வழிகாட்டியிடம் எப்படி விடைபெறுவது?

வணக்கம். ஒரு யோசனை வேணும்.

2 வருஷமா ஒரு சீனியர் மேடம் எனக்கு வழிகாட்டியா இருக்காங்க. 15 நாளுக்கு ஒருமுறை பேசுவோம். முதல் வருஷம் நோட்டுல கேள்விகளை எழுதி வச்சிருப்பேன், ஒரு மணி நேரம் பத்தாது. இப்போ முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து கேள்வி தேட வேண்டியிருக்கு. ஒரு டீமைத் தனியா நடத்தணும்ங்கிறதுதான் இலக்கு. அது 6 மாசம் முன்னாடியே கைகூடிடுச்சு.

ரெண்டு தடவை வேலை இருக்குன்னு தள்ளிப்போட்டேன். அது உறுத்துது. இப்படியே நழுவினா, தன் மேல என்ன தப்புன்னு அவங்க யோசிப்பாங்க.

அதனால நிறைவா ஒரு சந்திப்பு கேட்கலாம்னு இருக்கேன். இப்படி எழுதி வச்சிருக்கேன்: "மேடம், நாம எடுத்துக்கிட்ட இலக்கு நிறைவேறிடுச்சு. அடுத்த சந்திப்புல இதுவரை வந்த வழியைத் திரும்பிப் பார்த்து நிறைவு செய்யலாமா?" அன்னைக்கு வெறும் நன்றியோட நிறுத்தாம, ஒருத்தர்கிட்ட குறை சொல்றதுக்கு முன்னாடி அவங்க தரப்பைக் கேட்கணும்னு மேடம்கிட்ட கத்துக்கிட்டதைச் சொல்லணும். "அடிக்கடி பேசலாம்"னு காப்பாத்த முடியாத வாக்கு கொடுக்க மனசில்லை. 6 மாசம் கழிச்சு என் நிலவரத்தை எழுதுறேன்னு மட்டும் சொல்லலாம்.

இதை முன்கூட்டியே செய்தியா அனுப்பினா முகத்துல அடிச்ச மாதிரி இருக்குமா? பேசும்போதே சொல்றது நல்லதா? வழிகாட்டியா இருந்தவங்க, உங்களுக்கு எது வலிக்காம இருந்துச்சுன்னு சொல்லுங்களேன்.