இருபடிச் சமன்பாட்டை 10 நாளாகப் பிரித்தேன், மூன்றாம் நாளே குழு அமைதியாகிவிட்டது

நிலவொளி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து படிக்கிறோம். இருபடிச் சமன்பாடு என் பொறுப்பு. புத்தகத்தில் 20 பக்கம். நாளுக்கு 2 பக்கம் வீதம் சுருக்கி, டெலிகிராம் குழுவில் தினமும் போடுகிறேன். முதல் நாள் எல்லாரும் பேசினார்கள். மூன்றாம் நாளிலிருந்து வெறும் கட்டைவிரல் குறிதான். நேற்று சூத்திரத்தில் ஒரு கணக்கு கேட்டால் இரண்டு பேருக்கு வரவில்லை. எங்கே தப்பு?

வெள்ளைப்பலகை: நீளம்தான் காரணம். ஐந்து வரிக்குள் முடியுங்கள், சரியாகிவிடும்.

நிலவொளி: ஆறு வரிதான் போடுகிறேன்.

சுண்ணக்கட்டி: சுருக்கம் நல்லதுதான், ஆனால் நீங்கள் வெட்டும் இடம் சரியில்லை. பக்கக் கணக்கில் வெட்டினால் சூத்திரம் ஒரு நாளிலும் கணக்கு மறுநாளிலும் விழும். அன்றைக்குக் கையால் செய்ய எதுவும் இருக்காது, கட்டைவிரல்தான் வரும்.

கை தடுமாறும் இடங்களில் வெட்டுங்கள். சூத்திரத்தை மட்டுமே நான் மூன்று நாளாக்குவேன். முதல் நாள், a, b, c மூன்றையும் குறியோடு எடுத்து எழுதுவது மட்டும். மறுநாள் b² − 4ac. மூன்றாம் நாள்தான் x.

இரண்டாம் நாளுக்கு 2x² − 3x − 5 = 0 கொடுத்து, வர்க்கமூலத்துக்குள் என்ன வரும் என்று கேளுங்கள். 49 சரி. ஒருவர் 31 என்றால் (−3)²-ஐ −9 என்று போட்டிருக்கிறார். −31 என்றால் c-யின் கழித்தல் குறியை விட்டுவிட்டார். தவறான விடையே அவருக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று காட்டிவிடும். மூன்றாம் நாள் 5/2, −1 வர வேண்டும். 1, −5/2 வந்தால் −b-யை −3 ஆக்கியிருக்கிறார்கள்.

தூரிகை: நான் பிரெஞ்சுப் புரட்சியை ஆண்டு வாரியாகப் பிரித்தேன். 1789 ஜூலை 14 எல்லாருக்கும் மனப்பாடம், பாஸ்டிலை ஏன் தாக்கினார்கள் என்றால் வாயே திறப்பதில்லை. எனக்கும் இதே வழியா?

சுண்ணக்கட்டி: அங்கே காரணத்தில் வெட்டுங்கள். கூட்டம் வெடிமருந்து தேடித்தான் போனது. 'பாஸ்டிலில் எதைத் தேடினார்கள்?' என்பதே ஒரு நாள் பாடம்.

வெள்ளைப்பலகை: ஒருவர் விடை போட்டதும் மற்றவர் அதையே எழுதிவிடுவார்களே?

சுண்ணக்கட்டி: வினாடி வினா வாக்கெடுப்பாகப் போட்டால், தான் வாக்களிக்கும்வரை மற்றவர் தேர்ந்தது தெரியாது. எழுதி அனுப்புவதானால் விடையை இப்படி மறைக்கச் சொல்லுங்கள்:

```
||49||
```

தட்டினால்தான் தெரியும். யாராவது முந்தித் தட்டிப் பார்த்தால் தடுக்க முடியாது, அதனால் எனக்கு வாக்கெடுப்பே பிடிக்கும்.

நிலவொளி: இன்று போட்டேன். இரண்டு பேர் 31, ஒருவர் 49! நேற்று வராததன் காரணம் இப்போதுதான் புரிகிறது. நாளைக்கு x-க்குப் போகாமல் (−3)² மட்டும் தருகிறேன். அந்த 49 போட்டவர் காத்திருக்க வேண்டுமா?

வெள்ளைப்பலகை: ஒருவருக்காக முன்னே ஓடாதீர்கள், காத்திருக்கட்டும்.

சுண்ணக்கட்டி: நான் அவரையே நாளைய கேள்வியை எழுதச் சொல்வேன். தவறான தெரிவுகளை யோசித்து வைப்பதும் பயிற்சிதான். ஆனால் அவர் ஒப்புக்கொள்வாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.