சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டால மாட்டிக்கிட்ட அனுபவம் இருந்தா சொல்லுங்க

கேஎல்_குமரன்
நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல சின்னச் சின்ன கடைங்களுக்கு வெப்சைட் பாத்துக்கறவன், மொத்தம் 11 கடை. போன மாசம் கிள்ளான்ல சாப்பிட இறங்குன நேரத்துல கார் கண்ணாடிய ஒடச்சி லேப்டாப்ப தூக்கிட்டானுங்க. விண்டோஸ்ல பாஸ்வேர்டு போட்டிருக்கோமே, உள்ள போக முடியாதுன்னு நெனச்சி போலீஸ் ரிப்போர்ட் மட்டும் பண்ணிட்டு விட்டுட்டேன். மூணாவது நாளு ஒரு துணிக்கடைக்காரரு போன் பண்ணி "தம்பி, நம்ம சைட்ல சூதாட்ட விளம்பரம் ஓடுது"ங்கறாரு. சர்வர்ல இத ஓட்டிப் பாத்தேன்:

```
grep -E "(Accepted|Failed) password" /var/log/auth.log
```

ராத்திரி 2 மணிக்கு எனக்குத் தெரியாத ஐபில இருந்து என் பேர்லயே லாகின், மொத தடவையே பாஸ்வேர்டு சரியா அடிச்சிருக்கான், தப்பா ஒரு முயற்சி கூட இல்ல. யூகிச்சி வந்தவனா இருந்தா "Failed password"னு வரிசையா நின்னிருக்கும் இல்லையா, அப்பதான் வயித்த கலக்குச்சி.

பட்டர்வொர்த்_செல்வா
டிஸ்க்கயே பூட்டுற BitLocker போட்டிருந்தீங்களா? இல்லன்னா டிஸ்க்க கழட்டி வேற மெஷின்ல மாட்டுனா எல்லா ஃபைலும் அப்படியே தெரியும், விண்டோஸ் பாஸ்வேர்டு அங்க எதையும் தடுக்காது. சர்வருக்கு ஃபைல் ஏத்த FileZilla யூஸ் பண்ணியிருந்தா `sitemanager.xml`ங்கற ஃபைல அவன் தெறந்தாப் போதும், மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்காத வரைக்கும் இப்படித்தான் இருக்கும்:

```
<Pass encoding="base64">S2VkYWlAMjAxOQ==</Pass>
```

பாக்க பூட்டுன மாதிரி இருக்கும், ஆனா பூட்டு கெடையாது, எழுத்த மாத்தி எழுதியிருக்கு அவ்ளோதான். `base64 -d`ல குடுத்தா Kedai@2019னு வந்து விழும்.

கேஎல்_குமரன்
அண்ணே அசலா அதே கததான், என் பாஸ்வேர்டும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். கட பேரு, அப்புறம் @, அப்புறம் வருஷம். FileZillaல 8 கடதான் சேவ் ஆகியிருந்துச்சி, ஆனா அந்த எட்டப் பாத்தவனுக்கு மிச்சம் மூணு தானா தெரிஞ்சிரும். என் ஈமெயிலும் அதே அச்சு. ஈமெயில்தான் மொதல்ல மாத்துனேன், வேற பிசில உக்காந்து, ஏன்னா மத்த எல்லாத்துக்கும் ரீசெட் லிங்க் அங்கதான வருது.

சுபாங்_ரெக்ஸ்
பாஸ்வேர்டுக்கு மேல ஒரு கோடும் கேக்கற 2FA போட்டா பாஸ்வேர்டு எப்படி இருந்தா என்ன பாஸ்.

பட்டர்வொர்த்_செல்வா
ஈமெயிலுக்கு அது உதவும் ரெக்ஸ், ஆனா அவரு கேக்கறது சர்வருக்கு ஃபைல் ஏத்தற SFTP. தனியா செட் பண்ணாத வரைக்கும் அங்க யாரும் கோட் கேக்க மாட்டாங்க. குமரன், ஒவ்வொரு சர்வருக்கும் 20 எழுத்து, KeePassXC மாதிரி ஒரு பாஸ்வேர்டு மேனேஜர்ல அதுவே ஜெனரேட் பண்ணட்டும், உங்களுக்கே தெரிய வேணாம். மனசுல வைக்க வேண்டியது மாஸ்டர் ஒன்னுதான். அத யோசிச்சி எடுக்காதீங்க, பகடை உருட்டி எடுங்க. 7776 சொல்லு உள்ள லிஸ்ட் இருக்கு, ஒரு சொல்லுக்கு 5 உருட்டு, ஆறு சொல்லு போதும்.

சுபாங்_ரெக்ஸ்
அதுக்கு பதிலா தமிழ் பழமொழிய இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா எந்த ஹேக்கருக்கும் தெரியாது லா.

பட்டர்வொர்த்_செல்வா
பழமொழி உங்க பாட்டிக்கே தெரியும்னா அவனுக்கும் கெடைக்கும். தமிழ் சொல்லா இருக்கறது தப்பில்ல, நீங்க தேர்ந்தெடுக்கறதுதான் தப்பு.

ஜார்ஜ்டவுன்_மீனா
என் கத தலகீழ். நான் எல்லாத்தையும் ஒழுங்கா ஆன்லைன் மேனேஜர்ல போட்டவ, ஈமெயில் பாஸ்வேர்டு உட்பட. ஃபெர்ரில போட்டோ எடுக்கறேன்னு போன் கடல்ல போச்சி. புது போன் வாங்கி மேனேஜர்ல நுழைஞ்சா, புது டிவைஸ், ஈமெயிலுக்கு கோட் அனுப்பிருக்கோம்ங்குது. ஈமெயில தெறக்கலாம்னா அதோட பாஸ்வேர்டு மேனேஜருக்குள்ள. சாவிய பூட்டி உள்ளயே வச்சிட்டு வெளிய நிக்கற மாதிரி இருந்துச்சி. பாயான் லெப்பாஸ் ஆபீஸ் பிசில அந்த ஆப் லாகவுட் ஆகாம இருந்ததால தப்பிச்சேன், மாஸ்டர் அடிச்சதும் தெறந்துச்சி. இப்ப ஈமெயிலுக்கு தனி ஆறு சொல்லு மனப்பாடம், ரெக்கவரி கோட பேப்பர்ல எழுதி அண்ணன் வீட்டு பீரோல வச்சாச்சி.

செந்தூல்_அக்கா
நான் எல்லாத்தையும் 555 நோட்டுலதான் எழுதி வச்சிருக்கேன், பையன் திட்றான். அது தப்பா? பேங்க் ஆப்புல வேற லாகின் ஆக மாட்டேங்குது, அதுக்கு என்ன பண்றது?

பட்டர்வொர்த்_செல்வா
அக்கா, நோட்டு வீட்ட விட்டு போகாத வரைக்கும் பரவால்ல, ஒரே பாஸ்வேர்ட எல்லா பக்கத்துலயும் எழுதியிருந்தாதான் ஆபத்து. பேங்க்குக்கு கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்கே அடிங்க.

கேஎல்_குமரன்
மீனா சொன்னதுக்கப்புறம் ஒரு சந்தேகம். 2FA கோடையும் அதே KeePassXCல வச்சா வசதியா இருக்கு, ஆனா எல்லாம் ஒரே பெட்டில தான?

பட்டர்வொர்த்_செல்வா
நான் பிரிச்சிதான் வைக்கறேன்.

ஜார்ஜ்டவுன்_மீனா
நான் ஒன்னாத்தான். பிரிச்சி வச்சா போன்லதான இருக்கும், அதுவும் கடல்ல போயிரும்.

கேஎல்_குமரன்
சரி, இப்போதைக்கு KeePassXCயோட `.kdbx` ஃபைல ரெண்டு பென்டிரைவ்ல போட்டிருக்கேன். ஒன்னு மச்சான் வீட்ல குடுக்கலாம்னா, அவன் அதுல படத்த ஏத்தி வச்சிருவான்.