மருந்துச் சீட்டின் கையெழுத்தை ஊகித்து அரபியில் எழுதலாமா? (தம்மாம்)

தம்மாமுக்குப் புதிதாக வந்தவர்:
வணக்கம். என் அம்மா வருகை விசாவில் மதுரையிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. மூட்டுவாதத்திற்காக (முடக்குவாதம் என்றும் சொல்கிறார்கள்) அங்கே மருந்து சாப்பிட்டு வருகிறார். இப்போது சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருப்பதால், ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல இருக்கிறேன். அவரிடம் கொடுப்பதற்காக, மதுரை மருத்துவரின் சீட்டை அரபியில் எழுதித் தரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சீட்டு கையால் எழுதியது, என்னிடம் இருப்பது அதன் கைப்பேசிப் படம் மட்டுமே. இரண்டு மருந்துகளும் ‘ஃபோல்’ என்றுதான் தொடங்குகின்றன. முதல் வரியில் 7.5 என்றும், இரண்டாம் வரியில் 5 என்றும் எண் தெரிகிறது. இரண்டும் ஃபோலிக் அமில மாத்திரை என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அதை யாராவது அரபியில் மாற்றித் தர இயலுமா? மாத்திரை அட்டைகளை அம்மா ஊரிலேயே எறிந்துவிட்டு, கிழமை வாரியாகப் பிரித்த டப்பாவில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எல்லாம் மஞ்சள் நிறத்தில்தான் இருக்கின்றன.

ஷார்ஜாவில் 8 ஆண்டுகளாக இருப்பவர்:
மருந்தோடு விமான நிலையம் வருபவர்கள் கவனமாக இருக்க வேண்டும், நண்பரே. நான் முதுகுவலிக்காக டிரமடால் எடுத்து வந்தபோது, முன் அனுமதி வாங்காததால் பல மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். இங்கே அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ஊர்ச் சீட்டு மட்டும் போதாது.

தம்மாமுக்குப் புதிதாக வந்தவர்:
நன்றி அண்ணா. ஆனால் அம்மா ஏற்கெனவே வந்துவிட்டார். என் கேள்வி சீட்டைப் படிப்பதைப் பற்றியது.

ரியாதில் கணினித் துறையில் இருப்பவர்:
படத்தைப் பெரிதாக்கி, எண்ணை வைத்து மருந்துப் பட்டியலில் தேடினால் எளிதில் பிடித்துவிடலாம். ஃபோலிக் அமிலத்தில் 7.5 மில்லிகிராம் மாத்திரை வருவதில்லை. ஆகவே முதல் வரி ஃபோல்வைட் என்னும் ஃபோலிக் அமில மாத்திரையாக இருக்க முடியாது, ஃபோலிட்ராக்ஸாக இருக்க வேண்டும். 5 என்றால் ஃபோல்வைட். பிரச்சினை முடிந்தது.

அல் கோபரில் மருத்துவமனை மருந்தாளுநர்:
பாதி சரி, பாதி ஆபத்து. முதல் வரியைப் பற்றி நீங்கள் சொன்னது பொருந்துகிறது. ஆனால் ஃபோலிட்ராக்ஸ் 5 மில்லிகிராமிலும் கிடைக்கிறது, எனவே இரண்டாம் வரியில் உள்ள 5 எதையும் முடிவு செய்யவில்லை. மங்கிய கையெழுத்தில் அந்தப் பெயர்கள் தொடக்கத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும், பின்பகுதி கிறுக்கலாகிவிட்டால் கண் தனக்குத் தெரிந்த பெயரை அங்கே கொண்டுவந்து வைத்துவிடும். கேள்வி கேட்டவருக்கு ஃபோலிக் அமிலம் தெரிந்திருக்கிறது, ஆகவே இரண்டு வரியிலும் அதுவே தெரிந்திருக்கிறது.

ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்திற்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம் சேர்த்துத் தருவார்கள். சில மருத்துவர்கள் அதை மெத்தோட்ரெக்சேட் நாளைத் தவிர மற்ற நாள்களில் எழுதுவார்கள், சிலர் அதையும் வாரம் ஒரு முறைதான் எழுதுவார்கள். எனவே ‘வாரம் ஒரு முறை’ என்ற சொல் தெரிந்தாலும் எது எது என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் மஞ்சள் நிறத்திலேயே வருவதால் டப்பாவில் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கவும் வழியில்லை.

ஊகம் எந்தத் திசையில் தவறினாலும் தீங்குண்டு. மெத்தோட்ரெக்சேட்டைத் தினசரி மாத்திரை என்று எழுதிவிட்டால், சில நாள்களிலேயே வாயில் புண், காய்ச்சல், தோலில் ரத்தக்கட்டு என்று தொடங்கி, எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வது குறைந்துபோகும். உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. மாறாக, இரண்டையும் ஃபோலிக் அமிலம் என்று எழுதிக் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை அந்த மருத்துவருக்கு மெத்தோட்ரெக்சேட் இருப்பதே தெரியாது. சிறுநீர்த் தொற்றுக்குப் பலர் எழுதும் மருந்துகளில் ஒன்று கோ-டிரைமாக்சசோல், ஊரில் செப்டிரான் என்பார்களே, அதுதான். அதை மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்க்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது வழிதான்.

ஜித்தாவில் அரபி மொழிபெயர்ப்பாளர்:
மருந்தைப் பற்றிச் சகோதரி சொல்லிவிட்டார். மொழியைப் பற்றி நான் சொல்கிறேன். ஆங்கிலத்தின் P, V இரண்டுக்கும் அரபியில் தனி எழுத்து இல்லை. P இருக்கும் இடத்தில் B ஒலியுள்ள ‘பா’வும், V இருக்கும் இடத்தில் பெரும்பாலும் F ஒலியுள்ள ‘ஃபா’வும் வந்து உட்காரும். ஃபோல்வைட்டை அரபியில் எழுதினால் அது ஃபோல்ஃபைத் போல ஒலிக்கும், அதைத் திரும்ப ஆங்கிலத்திற்குக் கொண்டுபோகிறவர் எதைத் தேடுவார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மருந்துப் பெயரை நான் அரபி எழுத்தில் எழுதவே மாட்டேன். இங்குள்ள மருத்துவர்கள் மருந்தை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள், படிக்கவும் செய்கிறார்கள்.

எண்ணிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் ஊர்ச் சீட்டில் காலையில் மட்டும் என்பதை 1-0-0 என்று எழுதுகிறோம். அரபி வாக்கியத்திற்குள் அதைத் தட்டச்சு செய்தால், வலமிருந்து இடமாக ஓடும் வரியில் அது 0-0-1 என்று புரண்டு தெரிய வாய்ப்புண்டு. அதனால் காலை, இரவு, சனிக்கிழமை மட்டும் என்று சொற்களாகவே எழுத வேண்டும். அரபி எண்களில் சுழியம் ஒரு புள்ளி, ஐந்து ஒரு சிறு வட்டம், கைப்பட எழுதும்போது நம் கண்ணுக்கு ஐந்து பூஜ்யமாகத் தெரியும். இந்த எண்களை நான் ஆங்கில வடிவத்திலேயே விட்டுவிடுவேன்.

படிக்க முடியாத சொல் இருந்தால் அந்த இடத்தில் ‘ஃகைர் மக்ரூ’, அதாவது படிக்க இயலவில்லை என்று எழுதுவதே என் வழக்கம். ஊகத்தைத் தாளில் ஏற்றினால் அது மொழிபெயர்ப்பாளர் சொன்ன உண்மையாகிவிடும்.

அல் கோபரில் மருத்துவமனை மருந்தாளுநர்:
அதில் மட்டும் நான் உடன்படவில்லை, பாய். வெறுமனே ‘படிக்க இயலவில்லை’ என்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மருத்துவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். ‘மெத்தோட்ரெக்சேட்டாக இருக்கலாம், உறுதிப்படவில்லை’ என்று இருந்தால் குறைந்தது கோ-டிரைமாக்சசோலைத் தவிர்ப்பார்.

ஜித்தாவில் அரபி மொழிபெயர்ப்பாளர்:
அதை மகன் வாயால் சொல்லட்டும். தாளில் நான் எழுத மாட்டேன்.

அல் கோபரில் மருத்துவமனை மருந்தாளுநர்:
சரி, அது உங்கள் தொழில் நெறி. தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மதுரையில் மருந்து வாங்கிய கடையின் ரசீதைத் தேடச் சொல்லுங்கள், அதில் பெயரும் அளவும் அச்சில் இருக்கும். வீட்டில் பழைய அட்டை ஏதாவது கிடந்தால், இரு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டையில் வணிகப் பெயரோடு மூலப் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும், நமக்கு வேண்டியது அந்த மூலப் பெயர். ஆனால் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை ரசீதும் அட்டையும் சொல்லாது, அதை மருத்துவரின் மருத்துவமனையில்தான் கேட்க வேண்டும். அதுவரை டப்பாவிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். வார மருந்து ஓரிரு நாள் தள்ளிப்போவதால் பெரிய கேடில்லை. அம்மாவுக்கு வாய்ப்புண் இருக்கிறதா, எந்தக் கிழமைகளில் எந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார் என்றும் கேளுங்கள். புண்ணோ காய்ச்சலோ இருந்தால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

தம்மாமுக்குப் புதிதாக வந்தவர்:
வாய்ப்புண் இல்லை, காய்ச்சலும் இல்லை. தங்கை ரசீதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஃபோலிட்ராக்ஸ் 7.5 நான்கு மாத்திரைகள், ஃபோல்வைட் 5 முப்பது மாத்திரைகள் என்று இருக்கிறது. நான்கு என்றால் மாதத்திற்கு நான்கு வாரம் என்று தோன்றுகிறது, ஆனால் இதையும் ஊகமாகவே வைத்துக்கொள்கிறேன். அம்மாவோ டப்பாவில் ஞாயிறு அறையிலும் சனி அறையிலும் இருப்பது ஒரே மாத்திரைதான் என்கிறார். மதுரை மருத்துவமனை திங்களன்றுதான் திறக்குமாம். ஞாயிற்றுக்கிழமை ரசீதின் படத்தைக் காட்டி, மெத்தோட்ரெக்சேட் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அரபித் தாள் திங்களுக்குப் பிறகு இருக்கட்டும், பாய்.